நோட்பேடில் ஒட்டி எடுத்தாலும் போகாத எழுத்துகள்

கோவில் சங்கத்துக்கு மானியம் கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். விவரங்களை எல்லாம் முதலில் வேர்டில் நிதானமாக எழுதி, நாலு பேருக்குக் காட்டித் திருத்தி, பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டுகிறீர்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் முகவரிக் கட்டத்தின் கீழே சிவப்பில் `Invalid characters` என்று வருகிறது. முகவரியில் ஒரு பிழையும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஒட்டினாலும் அதே பதில்தான்.

"நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள், சரியாகிவிடும்" என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம். மொரீஷியஸில் நாம் நிரப்பும் படிவங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது பலிக்காது. நோட்பேடு கழற்றுவது எழுத்துரு, தடிப்பு, நிறம், அட்டவணைக் கோடு ஆகியவற்றை மட்டுமே. எழுத்தை அது தொடுவதில்லை. இங்கே வம்பு செய்வதோ எழுத்துதான். `Keep Text Only` என்று ஒட்டினாலும், `Ctrl+Shift+V` அழுத்தினாலும் கதை இதுவே. கோப்பை ஏஎன்எஸ்ஐ வடிவில் சேமித்தால் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தக் குறியீட்டுப் பட்டியலிலேயே வளைந்த மேற்கோள்குறியும், வரி முறியவிடாத ஒட்டு இடைவெளியும் இருப்பதால் அவை பத்திரமாக அப்படியே இருக்கும். தமிழ் எழுத்துகள்தான் கேள்விக்குறிகளாக மாறி அழியும். தமிழ் கலந்த கோப்பில் அதைச் செய்யவே வேண்டாம்.

தெற்கே உள்ள ஓர் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம்: `L'Escalier`. விசைப்பலகையில் நீங்கள் அழுத்துவது நேரான ஒற்றைக்குறி. அதன் குறியீட்டு எண் 0027. அழுத்திய கணத்திலேயே வேர்டு அதை வளைந்த குறியாக மாற்றிவிடுகிறது. அதன் எண் 2019. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. முகவரிக் கட்டத்தைக் காவல் காக்கும் விதியோ பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
^[A-Za-z0-9 ,.'/-]+$
```

ஆங்கில எழுத்து, எண், சாதாரண இடைவெளி, காற்புள்ளி, புள்ளி, நேரான ஒற்றைக்குறி, சாய்கோடு, சிறுகோடு, இவ்வளவுக்குத்தான் அனுமதி. 2019 இந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஒரு குறிக்காக முழு முகவரியும் திரும்புகிறது. `Pointe d'Esny` என்று எழுதினாலும் அதே கதிதான். இதே விதி `é`, `è` போன்றவற்றையும் ஏற்காது. அது படிவம் செய்தவரின் குறை, உங்கள் குறையல்ல. ஆனாலும் அன்றைக்கு வேலை ஆக வேண்டுமென்றால் `Riviere du Rempart` என்று மேற்குறி இல்லாமல் எழுதுவது ஒன்றே வழி.

அடுத்தது இதைவிடக் கள்ளமானது, ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. வேர்டில் பத்தியின் மொழி பிரெஞ்சு என்று இருந்தால், நீங்கள் `:` `;` `!` `?` இவற்றில் எதை அழுத்தினாலும் அதற்கு முன்னால் வேர்டு தானாக ஓர் ஒட்டு இடைவெளியைச் செருகும். குறி தனியாக அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாது என்பது பிரெஞ்சு அச்சு மரபு. அதை மதித்துத்தான் வேர்டு அப்படிச் செய்கிறது. அந்த இடைவெளியின் எண் 00A0. சாதாரண இடைவெளியின் எண் 0020. நாம் ஆங்கிலத்தில் ஒரு வரியும் பிரெஞ்சில் ஒரு வரியுமாக எழுதிப் பழகியவர்கள். ஒரே ஆவணத்தில் ஒரு பத்தியில் இது இருக்கும், அடுத்த பத்தியில் இருக்காது. "போன மாதம் இதே படிவம் ஏற்றுக்கொண்டதே" என்ற குழப்பத்துக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

படிவம் உலாவியில் பச்சை காட்டிவிட்டு, அனுப்பிய பிறகு மறுப்பதும் இந்த இடைவெளியின் வேலையாக இருக்கலாம். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் `\s` என்ற குறி 00A0-வையும் இடைவெளியாக ஏற்கும். அதே விதியை சர்வரில் ஜாவாவில் எழுதியிருந்தால், அங்கே `\s` இயல்பாக 00A0-வை ஏற்காது. ஒரே விதிதான், ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு தீர்ப்பு.

இப்போது கண்டுபிடிக்கும் வழி. வேர்டில் `Home` பட்டையில் `¶` பொத்தானை அழுத்துங்கள். சாதாரண இடைவெளி நடுவில் ஒரு புள்ளியாகவும், ஒட்டு இடைவெளி `°` போன்ற சிறு வட்டமாகவும் தெரியும். எந்த எழுத்தின் மீது சந்தேகமோ அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து `Alt+X` அழுத்தினால், எழுத்து இருந்த இடத்தில் அதன் எண் வந்து நிற்கும். எண்ணைப் பார்த்ததும் `Ctrl+Z` அழுத்தி மீட்டுக்கொள்ளுங்கள். மறுபடி `Alt+X` அழுத்தி மீட்கப் பார்க்காதீர்கள். `d’Esny` என்பதில் அந்தக் குறி எண்ணாக மாறும்போது `d2019Esny` என்று ஆகிறது. இந்த எண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்படுவதால் அதில் `d`, `E` ஆகியவையும் இலக்கங்களே. வேர்டு பக்கத்து எழுத்தையும் எண்ணோடு சேர்த்துப் படித்து, சம்பந்தமில்லாத வேறோர் எழுத்தைத் தந்துவிடக்கூடும்.

கண்டுபிடித்த பின் மாற்றுவது எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் `File > Options > Proofing > AutoCorrect Options` சென்று `AutoFormat As You Type` தாவலில் `"Straight quotes" with "smart quotes"` என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். பிறகு `Ctrl+H` திறந்து, தேடும் கட்டத்திலும் மாற்றும் கட்டத்திலும் அதே நேரான `'` குறியைப் போட்டு `Replace All` கொடுங்கள். வேர்டின் தேடல் வளைந்ததையும் நேரானதையும் சேர்த்தே பிடிக்கும், எனவே எல்லாம் நேராகிவிடும். அந்தத் தேர்வை எடுக்காமல் இதைச் செய்தால் நேராக இருந்தவையும் வளைந்துவிடும். இரட்டை மேற்கோளுக்கும் இதேபோல் ஒரு முறை. ஒட்டு இடைவெளிக்குத் தேடும் கட்டத்தில் `^s`, மாற்றும் கட்டத்தில் ஒரு சாதாரண இடைவெளி. `2019 - 2024` என்று தட்டும்போது நடுவில் உள்ள கோட்டை வேர்டு நீட்டிவிடும், அதன் எண் 2013. அதற்குத் தேடும் கட்டத்தில் `^=` போட வேண்டும்.

பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி போன்ற சிறு கட்டங்களில் ஒட்டவே வேண்டாம், கையால் தட்டுங்கள். நம் தேசிய அடையாள எண் 14 இடம் கொண்டது. அந்தக் கட்டம் 14-க்கு மேல் வாங்காதபடி அமைக்கப்பட்டிருந்தால், முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஒரே ஓர் இடைவெளி முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கடைசி இடத்தில் உள்ளது சத்தமில்லாமல் விழுந்துவிடும். பார்வைக்குக் கட்டம் நிரம்பித்தான் இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த `+230` எண்களின் முன்னும் பின்னும் 202A, 202C என்று அகலமே இல்லாத இரு குறிகள் வரக்கூடும். அம்பு விசையால் எண்ணின் மீது நகரும்போது ஓரிடத்தில் அழுத்தியும் கர்சர் நகராமல் நின்றால், அங்கே அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. தமிழ் வரியில் இந்தச் சோதனை உதவாது. உயிர்மெய் எழுத்தே பல குறியீடுகளால் ஆனது என்பதால் அங்கே கர்சர் வேறு கணக்கில் நகரும்.

நீளக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. திட்ட விளக்கம் 500 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிரெஞ்சில் எழுதியதற்கு வேர்டு 490 என்று காட்டுகிறது, மொத்தம் 7 பத்தி. வேர்டு பத்தி முறிவுகளை எண்ணுவதில்லை. உலாவி 6 முறிவையும் ஒவ்வொன்றாக எண்ணி 496 என்கிறது, இன்னும் 4 மிச்சம் என்று காட்டுகிறது. அனுப்பும்போது ஒவ்வொரு முறிவும் இரண்டு எழுத்தாகப் போகிறது, அதனால் சர்வருக்கு 502 வந்து சேர்கிறது. மறுப்பு! சர்வர் எழுத்தை விட்டு பைட்டை எண்ணினால் இன்னும் மோசம். வளைந்த ஒற்றைக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு, `é` ஒவ்வொன்றும் 2 பைட்டு. முன்னது 9, பின்னது 14 இருந்தால் 18-உம் 14-உம் கூடி 534 ஆகிவிடும். குறிகளை நேராக்கினாலே அதில் 18 குறையும். எல்லை 500 என்றால் பத்திகளைக் குறைத்து 450-க்குள் எழுதிக்கொள்வது நிம்மதி.

தமிழில் எழுதும் கட்டத்தில், சர்வர் பைட்டை எண்ணினால், 450-க்குள் நிறுத்துவதும் போதாது. கோவில் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு க, ோ, வ, ி, ல, புள்ளி என்று 6 குறியீடு, பைட்டில் 18. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஆவணத்தில் ோ என்ற குறி, ே, ா என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் அதே சொல் 7 குறியீடு, 21 பைட்டு ஆகிவிடும். சங்கத்தின் பெயர் பதிவேட்டில் ஒரு வகையிலும் படிவத்தில் மற்றொரு வகையிலும் இருந்தால், தேடும்போது "இப்படி ஒரு சங்கமே இல்லை" என்று பதில் வரும். பெயரை ஒரு முறை யூனிகோடு விசைப்பலகையில் புதிதாகத் தட்டி, அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள்.

தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று பொத்தான்கள் வைத்த பெரிய கட்டங்களில் மட்டும் பழைய வைத்தியம் பலிக்கும். வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் `mso-` என்று தொடங்கும் வடிவமைப்புக் குறிகள் பின்னாலேயே வந்து, சில வரி விளக்கம் ஆயிரக்கணக்கான எழுத்தாக வீங்கிவிடும். அங்கே `Ctrl+Shift+V` அவசியம். குறிகளை நேராக்கிய பிறகு அதைச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் படிவம் மறுத்தால், அலுவலகத்துக்கு "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கட்டம், எத்தனையாவது எழுத்து, அதன் எண் என்ன என்று எழுதுங்கள். "முகவரிக் கட்டம், இரண்டாவது எழுத்து, U+2019" என்று இருந்தால் நிரலாளருக்கு உடனே புரியும். நம்மவர்களில் படிவம் செய்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் நான்கு வரி போதும்:

```
s.normalize("NFC")
 .replace(/[\u2018\u2019]/g, "'")
 .replace(/[\u00A0\u202F]/g, " ")
 .replace(/[\u200B\u200E\u202A-\u202E\uFEFF]/g, "")
```

முதல் வரி பிரிந்து கிடக்கும் ோ குறியைச் சேர்த்துவிடும், `e`-உம் மேற்குறியும் தனித்தனியே வந்தால் அவற்றையும் ஒன்றாக்கும். கடைசி வரியில் 200C-யைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். க்‌ஷ என்று பிரித்து எழுத நினைத்த இடத்தில் இரண்டும் கூடி க்ஷ ஆகிவிடாமல் தடுப்பது அந்தக் குறிதான். அதைத் துடைத்தால் எழுதியவரின் எழுத்தே மாறிவிடும்.