லோரி வரும் இடைவெளியைச் சராசரியால் நிரப்பாதீர்கள்

ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலைகளுக்கு எடைமேடை வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. குலைகள் வெட்டிய பிறகு வெயிலில் காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். ஆகவே இந்தக் கணக்கில் வரும் பிழை கடைசியில் காசில்தான் தெரியும். அடிக்கடி பார்க்கும் ஒரு பிழையைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஆலையின் குமாஸ்தா தம்பி எக்செல் கோப்பைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, சராசரியா ஆறு நிமிசத்துக்கு ஒரு லோரி. நிறுக்க அஞ்சு நிமிசம். கணக்குல வரிசையே வரல. வெளியில பாத்தா ரோடு வரைக்கும் நிக்குது. ஏன்?"

கோப்பில் எல்லா லோரியும் சரியாக ஆறு நிமிட இடைவெளியில் வந்தன. அப்படி வந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் பல தோட்டங்களிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிளம்பும் லோரிகளின் இடைவெளி, பெரும்பாலும் அடுக்குக்குறிப் பரவலை ஒட்டியே அமையும். குறுகிய இடைவெளிகள் நிறைய, நீண்டவை எப்போதாவது. அதே ஆறும் ஐந்தும்தான், ஆனால் இடைவெளி இப்படி அமைந்தால் நீண்ட கால சராசரிக் காத்திருப்பு 12.5 நிமிடம் என்று வரிசைக் கோட்பாடு சொல்கிறது. சுழியத்துக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே உள்ளதுதான் ரோட்டில் நின்ற லோரிகள்.

கணினி நேரடியாகத் தருவது 0-க்கும் 1-க்கும் இடையே எங்கும் சமவாய்ப்பில் விழும் எண்ணை. அதை இடைவெளியாக மாற்றுவது எப்படி? சராசரி m என்றால், அடுத்த லோரி x நிமிடத்துக்குள் வந்துவிடும் வாய்ப்பு 1 − e^(−x/m). x பெருகப் பெருக இது 0-இலிருந்து 1-ஐ நோக்கி ஏறும். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: கணினி கொடுத்த U என்ற எண்ணை இந்த வாய்ப்பாக வைத்துக்கொண்டால், அதற்குரிய x எது? U = 1 − e^(−x/m) என்பதைத் தீர்த்தால் x = −m ln(1 − U). இதுவே நேர்மாறு முறை. x ஏறுவதும் U ஏறுவதும் ஒன்றாகவே நடப்பதால், விடை x-ஐத் தாண்டாமல் இருக்கும் வாய்ப்பும் நாம் எடுத்துக்கொண்ட வாய்ப்பேதான். தோராயம் எதுவும் இதில் இல்லை.

சராசரி 6 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். U = 0.15 என்றால் இடைவெளி 0.98 நிமிடம். 0.50 என்றால் 4.16. 0.80 என்றால் 9.66. 0.97 என்றால் 21.04. பாதி லோரிகள் நாலே கால் நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. வரிசை அங்கேதான் பிறக்கிறது.

எக்செலில் இவ்வளவுதான்:

```
=-6*LN(1-RAND())
```

இதில் LN இருக்க வேண்டிய இடத்தில் LOG போடுபவர்கள் பலர். எக்செலில் LOG பத்தடி மடக்கை. அப்போதும் வருவது அடுக்குக்குறிப் பரவல்தான், வரைபடமும் அழகாகவே இருக்கும், ஆனால் சராசரி 6-க்குப் பதில் 2.6 ஆகிவிடும். வடிவத்தை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது என்பது இதனால்தான். பத்தாயிரம் எண்களை உருவாக்கிச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பாருங்கள். இரண்டும் 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 6-க்குக் கீழே விழுந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 63 இருக்க வேண்டும்.

1 − U-க்குப் பதில் வெறும் U போட்டாலும் பரவல் மாறாது. ஆனால் RAND() சுழியத்தைத் தரலாம், 1-ஐத் தராது. சுழியத்துக்கு மடக்கை இல்லை என்பதால் 1 − U-வே பத்திரம். பைத்தானுக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: `random.expovariate` கேட்பது சராசரியை அல்ல, வீதத்தை. அங்கே 1/6 கொடுக்க வேண்டும். `numpy.random.exponential` கேட்பது சராசரியை, அங்கே 6.

சூத்திரம் சரியாக இருந்தும் கணக்கு பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. காலையில் வெட்டு நடக்கும்போது லோரிகள் குறைவு, மதியத்துக்கு மேல் குவியும். நாள் முழுக்க ஒரே 6 போட்டால் மதிய நெரிசல் கரைந்து மறைந்துவிடும். மணிக்கு மணி சராசரியை மாற்றிக் கொடுங்கள். பன்னிரண்டு மணிக்குச் சராசரி மாறுகிறது, 11.55-க்கு எடுத்த இடைவெளி 12.03-இல் போய் விழுகிறது என்று வையுங்கள். அந்த லோரியைத் தள்ளிவிட்டு, சரியாக 12.00-இலிருந்து புதிய சராசரியோடு வேறொரு எண் எடுங்கள். இந்தப் பரவலுக்கு ஏற்கெனவே எவ்வளவு நேரம் கடந்தது என்பது நினைவில் இல்லை, அதனால் இப்படிச் செய்வது கணிதப்படி முற்றிலும் சரி. ஒரே தோட்டத்திலிருந்து மூன்று லோரி சேர்ந்து கிளம்பும் வழக்கம் இருந்தால் மட்டும் இது போதாது. அங்கே அந்த மூன்றையும் ஒரே வருகையாக எண்ணி, வருகைகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கே இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்.