அண்ணே, செருப்பு பிஞ்சிருச்சு, எவ்வளவு ஆகும்?

இந்த ஒரு வரியும், கூடவே மேலிருந்து எடுத்த ஒரு போட்டோவும் என் வாட்ஸ்அப்புக்கு அடிக்கடி வரும். ராமநாதபுரத்தில் எனக்குச் செருப்புத் தைக்கும் கடை. அப்பா உட்கார்ந்த அதே இடத்தில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று நாலு பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பஸ் ஏறி வந்த பிறகு, புதுச் செருப்பே வாங்கியிருக்கலாமே என்று ஆகிவிடக் கூடாதில்லையா, அதனால் முதலிலேயே விலை கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் சொல்லும் விலை சரியாக வந்ததே கிடையாது. 50 ரூபாய் என்று சொன்ன வேலை, செருப்பைக் கையில் வாங்கிப் பார்த்ததும் 300 ஆகிவிடும், அப்புறம் இரண்டு பேருக்குமே மனசு சங்கடம்.

எப்படி எழுதிக் கேட்டால் சரியான விலை சொல்ல முடியும் என்பதற்கு, மண்டபத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பிய செய்தியை அவர்கள் அனுமதியோடு அப்படியே கீழே போடுகிறேன்.

"அண்ணே, வணக்கம். பழுப்புக் கலர் தோல் செருப்பு, ஆறு வருஷமாப் போடுறேன். இடது கால்ல வெளிப்பக்க வார், அடித்தோலுக்குள்ள போற இடத்துல உருவிட்டு வந்துருச்சு. வலது கால்ல அதே இடத்துல லேசா வெடிப்பு. ரெண்டு கொக்கியும் துருப்பிடிச்சிருக்கு. குதிகால் வெளிப்பக்கமாத் தேஞ்சிருக்கு. எனக்குப் பெருவிரல் பக்கம் எலும்பு புடைச்சிருக்கும், வேற எந்தச் செருப்பும் ஒத்துக்க மாட்டேங்குது, அதனால வாரோட நீளம் மட்டும் மாறக் கூடாது. 450 ரூபாய்க்குள்ள முடிஞ்சா நல்லது. முடியலைன்னா எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க. அவசரம் இல்ல, பத்து நாள் ஆனாலும் சரி."

கூடவே நாலு போட்டோ. ஜோடியாக மேலிருந்து ஒன்று, பிய்ந்த இடம் கிட்டத்தில் ஒன்று, கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் ஒன்று, பின்னாலிருந்து குதிகால் தெரிகிற மாதிரி ஒன்று.

இதில் எனக்கு ரொம்ப உதவியது அந்தக் கடைசி இரண்டு போட்டோக்கள்தான். அக்கா குதிகால் தேய்மானத்தைக் கடைசியில் எழுதியிருந்தார்கள், அது ஏதோ சின்ன விஷயம் என்பதுபோல. ஆனால் வார் உருவியதற்குக் காரணமே அதுதான். குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தால் செருப்பு அந்தப் பக்கம் சாய்கிறது, கூடவே காலும் சரிகிறது, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை போய் வெளிப்பக்க வாரில் விழுகிறது. இடதும் வலதும் ஒரே இடத்தில் விட்டிருக்கிறது பாருங்கள், அதுவே சாட்சி. குதிகாலை அப்படியே விட்டுவிட்டு வாரை மட்டும் எவ்வளவு அழுத்தமாகத் தைத்தாலும் திரும்ப அங்கேதான் பிய்யும். அதனால் பணம் குறைவாக இருந்தாலும் குதிகாலைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு எழுதினேன்.

விலை சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டேன். கடல் தண்ணீர் பட்டதா? வீட்டில் ஏதாவது பசை வைத்து ஒட்டிப் பார்த்தீர்களா? எண்ணெய் தடவினீர்களா? பதில் வந்தது: "ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனப்ப அக்னி தீர்த்தக் கரையில அலை அடிச்சு முழுசா நனைஞ்சிருச்சுண்ணே. வெயில்ல காய வச்சேன், விறைச்சுப் போச்சு. அதனால தேங்காய் எண்ணெய் தேய்ச்சேன். பசை எதுவும் வைக்கல."

பசை வைக்காதது பெரிய காரியம். பெட்டிக்கடையில் விற்கிற உடனே ஒட்டும் பசையை வைத்திருந்தால் அது தோலுக்குள் ஊறிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அந்த இடத்தில் ஊசி இறங்காது, வேறு பசையும் பிடிக்காது. அந்தத் தோலை வெட்டி எறிவதைத் தவிர வழி இல்லை, வாரின் நீளமும் அதோடு போய்விடும்.

உப்பும் எண்ணெயும்தான் இங்கே பிரச்சினை. கடல் தண்ணீர் காய்ந்தால் தண்ணீர்தான் போகும், உப்பு தோலின் நாருக்குள்ளேயே தங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொண்டே இருக்கும், பகல் வெயிலில் திரும்பக் காயும். இப்படி நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து தோல் தன் எண்ணெய்ப் பசையை இழந்து மடிக்கிற இடத்தில் வெடிக்கிறது. உங்கள் செருப்பில் உப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைத்தால் மறுநாள் வெள்ளையாக ஒரு கோடு பூத்து நிற்கும். அதைப் பார்த்தால் செய்தியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், ஏனென்றால் உப்பு ஏறிய தோலில் பசை பிடிக்காது. எண்ணெய் ஏறிய தோலிலும் பிடிக்காது. அக்காவின் செருப்பில் இரண்டுமே இருந்தன. தோலுக்கு எண்ணெய் வேண்டியதுதான், ஆனால் ஒட்டி, தைத்து எல்லாம் முடிந்த பிறகு கடைசியில். கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் நல்லெண்ணத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய, தயவுசெய்து வேண்டாம்.

கழுவுகிற தண்ணீரும் முக்கியம். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடத்தில் உவர். அதில் கழுவினால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை ஏற்றுகிற கதைதான். நான் காவிரிக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறேன், மழை நேரமாக இருந்தால் மழைத் தண்ணீர். துணியை நனைத்துப் பிழிந்து, துடைத்து, காய வைத்து, வெள்ளைக் கோடு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் செருப்புக்கு மூன்று தடவை ஆனது. நிழலில்தான் காயப் போட்டேன், அதனால் அதற்கே நாலு நாள். பத்து நாள் ஆனாலும் சரி என்று அவர்கள் எழுதியிருந்ததால்தான் இதைப் பதறாமல் செய்ய முடிந்தது. நாளைக்கே வேண்டும் என்றிருந்தால் உப்போடு ஒட்டித்தான் கொடுத்திருப்பேன், ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

அடுத்து வார். உருவி வந்த வாரைத் திரும்ப உள்ளே சொருகிப் பசை வைத்தால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் அடித்தோலுக்குள் இருந்த நுனி பெரும்பாலும் இற்றுப்போய் இருக்கும், நகத்தால் கீறினாலே பொடிப்பொடியாக வரும். இதிலும் அப்படித்தான். அந்த நுனியை வெட்டிவிட்டு, மிச்ச வாரின் உள்பக்கத்தை 3 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சரிவாகச் சீவி, அதே மாதிரி சீவிய புதுத்தோல் துண்டை அடியில் ஒட்டி, மெழுகு போட்ட நைலான் நூலால் இரண்டு வரிசை தைத்தேன். பருத்தி நூல் இந்தக் காற்றில் சீக்கிரம் இற்றுவிடும். புதுத்துண்டைத்தான் அடித்தோலுக்குள் விட வேண்டும்.

நீளம் மாறக் கூடாது என்றார்களே, அதை எப்படிப் பிடிப்பது? நுனியை வெட்டுவதற்கு முன்னாலேயே வாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் உள்ளே இருந்த பகுதி வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருந்தது, வெளியே இருந்தது வெளுத்துப்போயிருந்தது. இரண்டும் சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு எல்லை. அந்த எல்லையிலிருந்து கொக்கியின் ஓட்டை வரைக்கும் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, தைத்த பிறகு அதே அளவில் உள்ளே விட்டேன். 3 மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் கால் கண்டுபிடித்துவிடும். பிடித்த செருப்பு என்று மட்டும் எழுதினால் எனக்கு அது எந்த விதத்தில் பிடித்தது என்று தெரியாது. நிறமா, யாராவது வாங்கிக் கொடுத்ததா, காலுக்குப் படிந்துவிட்டதா? நிறம் என்றால் நான் சாயத்தில் கவனமாக இருப்பேன், படிந்த செருப்பு என்றால் உள்தோலில் கால்தடம் விழுந்த பள்ளத்தில் கை வைக்கவே மாட்டேன்.

கொக்கியைச் சுற்றித் தோல் கருத்திருந்தது. பட்டை போட்டுப் பதனிட்ட தோலும் இரும்புத் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் கருக்கும், அந்த இடம் பலமும் இழக்கும். கடற்கரை ஊரில் இரும்புக் கொக்கியே வேண்டாம் என்பேன். காந்தத்தை வைத்துப் பாருங்கள், மேலே பித்தளை நிறம் இருந்தாலும் ஒட்டினால் உள்ளே இரும்புதான். பித்தளை கொஞ்சம் பச்சை பூக்கும், துடைத்துவிடலாம்.

இப்போது பணம். வார் இரண்டு காலுக்கும் 160, பித்தளைக் கொக்கி இரண்டு 90, குதிகால் ரப்பர் ஜோடிக்கு 130, உப்பும் எண்ணெயும் எடுக்க 60. மொத்தம் 440. சுற்றிலும் அடித்தோலைத் தைத்தால் இன்னொரு 160, அது 450-ஐத் தாண்டும். செருப்பை வளைத்துப் பிடித்து, விசிட்டிங் கார்டு ஒன்றை அடுக்குகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை. அதனால் சுற்றுத் தையலை விட்டுவிடலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். நுழைந்திருந்தால் கொக்கியை நிறுத்திவிட்டு முன்பாதத்தை மட்டுமாவது தைத்திருப்பேன். பணத்தின் எல்லையைச் சொன்னால் அதையே மொத்தமாகப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பல பேர் சொல்வதில்லை. அந்தப் பயம் புரிகிறது. அதற்குத்தான் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு வாங்க வேண்டும், யாரிடம் கொடுத்தாலும்.

ஒரே ஒரு வகைச் செருப்புக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மேலே தோல், கீழே பியூ என்கிற பாலியூரித்தேன் நுரையில் செய்த லேசான சோல். இரண்டு மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தாலே ஈரக்காற்றில் அந்த சோல் உள்ளுக்குள் சிதைந்து, போட்டு நடக்கிற அன்றைக்குக் கேக் மாதிரி உதிரும். அதை ஒட்ட முடியாது, சோலையே முழுசாக மாற்ற வேண்டும். கட்டைவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றாலோ துகள் வந்தாலோ அதை எழுதுங்கள், நான் வேறு விலை சொல்வேன்.

அக்காவின் செருப்பு பதினோராம் நாள் தயாரானது. கடைசியாக வாருக்கு மட்டும் மெல்லிசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒரு ராத்திரி வைத்துக் கொடுத்தேன். கடை வாசலிலேயே போட்டு ரோட்டோரம் வரை நடந்து பார்த்தார்கள். இடது வார் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார்கள், புதுத்தோல் அப்படித்தான், ஒரு வாரத்தில் இளகும், இளகவில்லை என்றால் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம் என்றேன். திரும்ப வரவில்லை, பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்காரர் செருப்பின் அடிப்பக்கப் போட்டோதான் வந்தது.