'த மோர் த மெரியர்': தமிழ்ல எப்படி சொல்றது, ரெண்டு பாதியும் சரியா நிக்குதா?

'த மோர் த மெரியர்'னா ஆள் சேர சேர கொண்டாட்டம்னு அர்த்தம். 1546ல ஜான் ஹேவுட் போட்ட இங்கிலீஷ் பழமொழி தொகுப்புலயே இது இருக்கு. இதுல வர்ற 'த' ஸ்கூல்ல படிச்ச ஆர்ட்டிகிள் கிடையாது, பழைய இங்கிலீஷ்ல 'அந்த அளவுக்கு'ன்னு சொல்ற ஒரு வேற்றுமை வடிவம் தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்ப பாக்க ஆர்ட்டிகிள் மாதிரியே ஆயிடுச்சு. அதனாலதான் ரெண்டு பாதிக்கும் ஆளுக்கொரு 'த' வேணும். நம்மாளுங்க 'த மோர் யூ ப்ராக்டீஸ், யூ கெட் பெட்டர்'னு எழுதும்போது ரெண்டாவது பாதி நொண்டுது, 'த பெட்டர் யூ கெட்'னு பெட்டரை முன்னாடி இழுத்துட்டு வந்தாதான் ஜோடி சேரும்.

தமிழ்ல இதுக்கு நேர் ஜோடி எவ்வளவுக்கெவ்வளவு, அவ்வளவுக்கவ்வளவு. அப்புறம் ஏன் சும்மா 'எவ்வளவு, அவ்வளவு' போதாதுன்னு கேட்டா, இந்த வாக்கியத்த பாருங்க: 'எவ்வளவு கேக்குறியோ அவ்வளவு தரேன்'. இது கேட்ட அளவுக்கு சமமா தரேன்னு சொல்லுது, கூட கூட கூடும்னு சொல்லல. 'எவ்வளவு சீக்கிரம் கெளம்புறோமோ அவ்வளவு நல்லது'ன்னா மட்டும் குழப்பமில்ல, ஏன்னா நல்லதை யாரும் எண்ணி குடுக்க முடியாது.

இப்ப அதே வாக்கியத்த ரெண்டா உடைச்சு பாப்போம். மொத பாதியில 'ஓ' இருக்கணும். 'எவ்வளவு சீக்கிரம் கெளம்புறோம்'னு விட்டா அது கேள்வியா போயிடும், மிச்சம் தனியா தொங்கும். ரெண்டாவது பாதியில அதே இனத்து சொல் பதில் சொல்லணும், எத்தனைக்கு அத்தனை, எந்த அளவுக்குன்னா அந்த அளவுக்கு. 'எவ்வளவு சீக்கிரம் கெளம்புறோமோ நல்லது'ன்னு பேச்சுல ஓடிடும், எழுத்துல ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும்.

ஆனா பேசும்போது யாரும் எவ்வளவுக்கெவ்வளவுன்னு நீட்டி முழக்குறதில்ல (எனக்கு அது கவர்மெண்ட் சர்க்குலர் வாசனைதான்), 'தேய்க்க தேய்க்க பளபளக்கும்'னு முடிச்சிடுவோம். குறள் 396 இன்னும் சுருக்கம்: 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'. தொட்ட அனைத்து ஊறும், அதாவது தோண்டின அளவுக்கு தண்ணி ஊறும். 'அனைத்து' அங்க 'எல்லாம்' இல்ல, 'அந்த அளவு'.

இந்த இரட்டை வடிவத்துல மாட்டிக்கிற எடம் ரெண்டாவது பாதிதான். அங்க கொஞ்சம் கொஞ்சமா கூடுற இல்ல கொறையுற விஷயம் வரணும். 'தேய்க்க தேய்க்க தட்டு உடைஞ்சிடுச்சு'ன்னா வாக்கியம் தப்பில்ல, ஆனா அது தேய்ச்சிட்டே இருக்கும்போது உடைஞ்ச கதை, அளவு கணக்கு இல்ல. சந்தேகம் வந்தா ரெண்டாவது பாதியில 'இன்னும்' போட்டு பாருங்க: 'இன்னும் பளபளக்கும்' ஒட்டுது, 'இன்னும் உடைஞ்சிடுச்சு' ஒட்டல.