வைரஸ் அளவு இரட்டிப்பானால் பயப்பட வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். மருந்து தொடங்கும் முன் அவருடைய வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 62 லட்சம் ஐ.யூ. (சர்வதேச அலகு). ஆறாம் மாதம் 2,300. அடுத்த மூன்று மாதம் கழித்து 4,900. தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்கு மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"டாக்டர், கிருமி ரெட்டிப்பாயிடுச்சே, மாத்திரை வேலை செய்யலையா?"

"உட்காருங்கய்யா. மாத்திரை நாள் தவறாம சாப்பிடுறீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். வைரஸ் அளவு நிஜமாகவே ஏறினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் விட்டுப்போன மாத்திரைகள்தான். அவர் விடவில்லை. அப்புறம்தான் எண்களுக்கு வந்தோம்.

வைரஸ் அளவைக் கழித்துப் பார்க்கக் கூடாது, லாக்கில் பார்க்க வேண்டும். ஒரு லாக் என்றால் பத்து மடங்கு, 0.3 லாக் என்றால் இரண்டு மடங்கு. 62 லட்சம் என்பது 6.79 லாக், 2,300 என்பது 3.36, 4,900 என்பது 3.69. அதாவது ஆறு மாதத்தில் அவருக்கு ஏறக்குறைய மூன்றரை லாக் இறங்கியிருக்கிறது. இப்போது ஏறியது 0.33. பல அறிக்கைகளில் லாக் மதிப்பும் ஓரமாக அச்சாகியிருக்கும், ஆனால் எல்லார் கண்ணும் பெரிய எண்ணுக்குத்தான் போகிறது.

இந்த 0.33-ஐ ஏன் பொருட்படுத்த வேண்டாம் என்பதற்கு இயந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ரியல் டைம் பி.சி.ஆர். வைரஸை எண்ணுவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் மரபணுத் துண்டு இரட்டிப்பாகிறது, கூடவே ஒளிர்வும் ஏறுகிறது. அந்த ஒளிர்வு எத்தனையாவது சுழற்சியில் ஒரு கோட்டைத் தாண்டுகிறது என்பதை மட்டும்தான் இயந்திரம் சொல்லும். அதற்குப் பெயர் சி.டி. மதிப்பு. (சி.டி. ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேட்பவர்கள் இருக்கிறார்கள்.) வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரம் தாண்டும், குறைவாக இருந்தால் தாமதமாகும்.

சி.டி.-யை அளவாக மாற்றுவதுதான் ஸ்டாண்டர்ட் கர்வ். அளவு தெரிந்த திரவத்தைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, பத்து லட்சம், ஒரு லட்சம், பத்தாயிரம், ஆயிரம், நூறு என்று ஓட்டுவோம். அவற்றின் சி.டி.-யை லாக்குக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். ஒரு நல்ல நாளில் எங்கள் கோடு இப்படி இருக்கும்:

```
Ct = 38.8 - 3.32 × log10(IU/mL)
```

சாய்வு -3.32 என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் முழு இரட்டிப்பு நடக்கிறது என்று பொருள். -3.1 முதல் -3.6 வரை வழக்கமாக ஏற்றுக்கொள்வோம். இந்தக் கோட்டில் 2,300-க்கு சி.டி. 27.64, 4,900-க்கு 26.55. வித்தியாசம் ஒரு சுழற்சிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும்போது ஒரு நாள் பாதி வீணானால் போதும், ஒரு சுழற்சி நகர்ந்துவிடும்.

மாதிரியில் மட்டுமல்ல, ஸ்டாண்டர்டிலும் பாதி வீணாகலாம். அது இன்னும் வஞ்சகமானது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய், ஃப்ரீசர் இளகி, மறுபடி உறைந்தது என்று வையுங்கள். ஸ்டாண்டர்ட் திரவத்தில் டி.என்.ஏ. பாதி சிதைந்துவிட்டது, லேபிள் மட்டும் பழைய எண்ணையே சொல்கிறது. அதிலிருந்து நீர்த்தவை எல்லாமே ஒரே அளவு குறைந்திருக்கும், அதனால் சாய்வு அதே -3.32, புள்ளிகள் கோட்டோடு பொருந்தும் அளவும் 0.999. திரையில் எல்லாம் பச்சை. ஆனால் கோடு முழுதும் ஒரு சுழற்சி மேலே போய், 38.8 என்பது 39.8 ஆகியிருக்கும். இப்போது அதே 27.64 சி.டி.-யைப் போட்டால் 2,300-க்குப் பதில் 4,600 வரும். சின்ன மரக்காலால் அளந்தால் நெல் கூடுதலாகத் தெரிவது போலத்தான். சாய்வை மட்டும் பார்க்கும் ஆய்வகம் இதைக் கண்டுபிடிக்காது. கோடு அச்சை வெட்டும் அந்த எண்ணை ஓட்டத்துக்கு ஓட்டம் எழுதி வைக்க வேண்டும், ஸ்டாண்டர்டிலிருந்து எடுக்காமல் தனியாக வாங்கிய, அளவு தெரிந்த கன்ட்ரோல் ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். அந்த கன்ட்ரோலும் இரட்டிப்பாக வந்தால் கோளாறு நோயாளியிடம் இல்லை.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரே ரத்தம் இரண்டு நாளில் இரண்டு எண் தரும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் 0.18 லாக் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது இரண்டின் ஆட்டமும் சேரும்:

```
1.96 × √2 × 0.18 ≈ 0.5
```

அரை லாக் என்கிற அளவுகோல் இப்படி வருவதுதான். அரை லாக் என்றால் சுமார் மூன்று மடங்கு. எச்.ஐ.வி.-யிலும் மூன்று மடங்குக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தை நிஜ மாற்றமாக எடுப்பதில்லை. ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் மருந்து கைவிடுகிறது என்று சொல்ல இன்னும் கூடுதலாக வேண்டும்: சிகிச்சையின்போது எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து ஒரு லாக்குக்கு மேல் ஏறி, மறுபரிசோதனையிலும் அது உறுதியாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். ஆனால் மைத்துனருக்கு மனசு ஆறவில்லை. பத்து நாளில் திருச்சியில் வேறொரு இடத்தில் ரத்தம் கொடுத்து, 24,000 என்று அறிக்கையோடு வந்தார்கள். 24,000 என்பது 4.38 லாக். குறைந்தபட்சமான 3.36-லிருந்து 1.02 ஏற்றம். ஒரு லாக் எல்லையையே தாண்டிவிட்டது! மருந்தை மாற்றச் சொல்லி யாரும் எழுதியிருக்கக்கூடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தேன். ஐ.யூ. இல்லை, வைரஸ் மரபணுவின் பிரதிகளை எண்ணும் காப்பி கணக்கு. அந்தக் கிட்டின் கையேட்டின்படி ஒரு ஐ.யூ. 5.82 காப்பிக்குச் சமம். வகுத்தால் சுமார் 4,120 ஐ.யூ., 3.62 லாக். ஏற்றம் கால் லாக்தான். இந்த வகுக்கும் எண் கிட்டுக்குக் கிட்டு மாறும். இணையத்தில் கிடைக்கும் பொதுவான எண்ணைப் போட வேண்டாம், அந்த ஆய்வகத்தையே கேளுங்கள். ஐ.யூ.-விலேயே அறிக்கை கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. இரண்டும் ஐ.யூ.-வாக இருந்தாலும் வெவ்வேறு கிட்டில் செய்த முடிவுகளுக்கு இடையே கொஞ்சம் வித்தியாசம் இருக்கவே செய்யும், எனவே தொடர்ந்து ஒரே இடத்தில் பார்ப்பதே என் பரிந்துரை. ரத்தமும் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தார்களா என்று பாருங்கள். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரையே தடுத்து, அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

மூன்று மாதம் கழித்து எங்களிடமே பார்த்தபோது 900, அதாவது 2.95 லாக். 4,900-லிருந்து 0.74 இறக்கம். இது அரை லாக்கைத் தாண்டியது, இதை நம்பலாம். மருந்து மாறவில்லை.

இனி அவர் அளவு இன்னும் இறங்கும்போது வேறொரு குழப்பம் வரும், அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இருபது, முப்பது ஐ.யூ. என்ற இடத்தில் குழாய்க்குள் போகும் வைரஸ் துணுக்குகளே விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒரு முறை நான்கு விழும், அடுத்த முறை ஒன்று விழும். அங்கே மூன்று மடங்கு வித்தியாசம்கூடத் தற்செயலாக வரும், அரை லாக் விதி அந்த இடத்தில் செல்லாது. "கண்டறியப்பட்டது, 20-க்குக் கீழ்" என்று ஒரு முறையும் "கண்டறியப்படவில்லை" என்று மறுமுறையும் வந்தால், இரண்டையும் ஒரே முடிவாக எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர வேண்டும். நிறுத்துவதா என்பதைக் கல்லீரல் மருத்துவர் வேறு பல பரிசோதனைகளையும் வைத்துத்தான் முடிவு செய்வார்.