‘வளர்படம்’ என்போம், ‘அசைவூட்டப் படம்’ வேண்டாம்

உரைக்கான ஸ்லைடுகள் தயாரிப்பதைச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில் ‘பில்ட்’ என்ற சொல்லுக்கு ‘அசைவூட்டப் படம்’ என்ற பெயர்ப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு விளக்கப்படத்தை முழுதாகக் காட்டாமல், ஸ்லைடுக்கு ஒரு செய்தியாகச் சேர்த்துக்கொண்டே போய்ச் சபையோரைக் கூடவே அழைத்துச் செல்லும் முறைக்குத்தான் பில்ட் என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் வீட்டைக் குறித்த சொல்லிலிருந்து ‘வீடு கட்டு’ என்ற வினையாகி, பிறகு எதையும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுப்புவதைக் குறித்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

‘அசைவூட்டம்’ அனிமேஷனுக்குச் சரியான சொல். பில்ட் வேறு. நல்ல பில்டில் எதுவுமே அசையக் கூடாது. படத்தின் அச்சுக்கோடுகள், எழுத்துகள், முன்பே வந்த கோடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, புதிதாக ஒன்று மட்டும் தோன்ற வேண்டும். கண் நேராக அந்தப் புதியதிடம் போவது அதனால்தான். இதற்கு ‘அசைவூட்டம்’ என்று பெயர் வைத்தால், படிப்பவர் பட்டைகளைப் பக்கவாட்டிலிருந்து பறக்கவிடுகிறார். கருத்துக்கே எதிரான பெயர் இது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலகத்தில் 12 மாதங்களில் அச்சு நூல் இரவல் 700-லிருந்து 400-க்கு இறங்குகிறது. மின்னூல் இரவல் 100-லிருந்து 450-க்கு ஏறுகிறது. முதல் ஸ்லைடில் அச்சுகள் மட்டும்: கீழே மாதங்கள், பக்கத்தில் இரவல் எண்ணிக்கை. பேசுபவர் படத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறார். இரண்டாவதில் அச்சு நூல் கோடு, ‘அச்சு நூல் இரவல் குறைந்தது’ என்ற தலைப்போடு. மூன்றாவதில் அந்தக் கோடு சாம்பல் நிறமாக மங்க, மின்னூல் கோடு அழுத்தமான நிறத்தில் வருகிறது. நான்காவதில் இரண்டின் கூட்டுக்கோடு, 800-லிருந்து 850-க்கு. தலைப்பு: ‘வாசிப்பு குறையவில்லை, இடம் மாறியது’. நான்கையும் ஒரே நேரத்தில் காட்டியிருந்தால் சபை முதல் கோட்டிலேயே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்.

இதைச் செய்ய வேண்டியது கடைசியிலிருந்து. முழுப் படத்தை முதலில் முடித்து, அந்த ஸ்லைடை மூன்று முறை நகலெடுத்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது தரவை அழிக்காமல் கோட்டின் நிறத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். தரவை அழித்தால், தானியங்கி அளவுகோல் அச்சு நூல் கோட்டுக்கு மட்டும் 800-ல் நின்றுகொள்ளும். கூட்டுக்கோடு வந்ததும் உச்சி 900 அல்லது 1000 ஆகும். முன்பு பார்த்த 700 திடீரெனக் கீழே இறங்கும், சரிவும் மென்மையாகத் தெரியும். எண் மாறிவிட்டது என்றே சபை நினைக்கும். எண்ணிக்கை அச்சின் உச்சியை முதலிலேயே 1000 என்று கையால் இட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. குறிவிளக்கப் பெட்டியும் இதே வேலையைச் செய்யும்: அதில் ஒரு வரி கூடினால் படம் சுருங்கும். கோட்டின் பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுவது நல்லது. சோதிப்பது எளிது. இரண்டு ஸ்லைடுகளுக்கிடையே வேகமாக முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். புதியதைத் தவிர வேறெது துள்ளினாலும் பிழை.

சரி, என்ன பெயர்? ‘கட்டுமானப் படம்’ என்பவர்களும் உண்டு. கேட்டதும் செங்கல்லும் சாரமும்தான் நினைவுக்கு வரும். ‘படிப்படியாக வெளிப்படுத்தும் விளக்கப்படம்’ பொருளில் பிழையற்றது, ஆனால் அது வரையறை, பெயராகாது. நான் ‘வளர்படம்’ என்கிறேன். வளர்ந்த படம், வளர்கின்ற படம், வளரும் படம் என மூன்று காலத்தையும் அடக்கிய வினைத்தொகை. இங்கே மூன்றும் தேவை: மங்கலாக நிற்கும் முந்தைய கோடு, அழுத்தமான இன்றைய கோடு, இன்னும் நிறம் பெறாமல் இடம்பிடித்திருக்கும் அடுத்த கோடு. வளர்பிறை நமக்குப் பழகிய சொல். அதிலும் வட்டம் அதேதான், ஒளி படும் பகுதிதான் கூடுகிறது. குழந்தையின் எடை குறிக்கும் படத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். அது வளர்ச்சிப் படம். ஒற்று மிகுந்து வேறாக ஒலிக்கிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்: மென்பொருளின் பட்டியலில் அந்த வசதி எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள், அது செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. ஸ்லைடு என்ற சொல்லைக்கூட நான் மாற்றாமல் விட்டுவிடுவேன், அது யாரையும் தவறான வழியில் அனுப்புவதில்லை. ‘அசைவூட்டப் படம்’ அனுப்புகிறது. ஒரே ஸ்லைடுக்குள் அசைவூட்டமாகச் செய்ததைப் பிடிஎஃப் ஆக்கினால் பெரும்பாலும் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்து, படிகள் காணாமல் போகும். தனித்தனி ஸ்லைடுகளாக வளர்த்த படத்தில் நான்கு பக்கமும் அப்படியே இருக்கும். ஸ்லைடு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் கூட்டங்களில் மட்டும், இந்த நான்கும் சேர்ந்து ஒரு வளர்படம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.