தன்விலக்கு: சொல்லும் பொருளும்

சூதாட்டப் பழக்கம் கைமீறிப் போகிறவர், 'என்னை இனி உள்ளே விடாதீர்கள்' என்று தானே எழுதிக் கொடுப்பதுதான் செல்ஃப் எக்ஸ்க்ளூஷன். எக்ஸ்க்ளூட் என்பதன் லத்தீன் வேரில் 'வெளியே', 'சாத்து' என்ற இரண்டு பொருள்களும் இருக்கின்றன. ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 1996-இல் இப்படி ஒரு பட்டியலைத் தொடங்கியபோது, பெயர் கொடுத்தவருக்குக் காசினோக் கதவு ஆயுள் முழுக்கச் சாத்தியே இருந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பெயரை நீக்கக் கேட்கலாம் என்ற தளர்வு பின்னால்தான் வந்தது.

தமிழில் 'சுய விலக்கு' என்று எழுதுகிறார்கள். 'தன்விலக்கு' இன்னும் கச்சிதம். ஆனால் 'விலக்கு' இரண்டு பக்கமும் வெட்டும்: மதுவிலக்கு என்றால் தடை, வரிவிலக்கு என்றால் சலுகை. இங்கே மதுவிலக்கின் பொருள்தான். குழப்பம் வரும் என்று தோன்றினால் 'தன்தடை' என்று போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க பிரிட்டன் நல்ல இடம். அங்கே 2018-இல் வந்தது கேம்ஸ்டாப் என்ற இலவசப் பதிவு. சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற இணையதளங்களும் செயலிகளும் 2020 மார்ச் 31 முதல் இதில் கட்டாயம் சேர வேண்டும். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், முகவரி, தொலைபேசி எண்ணைக் கொடுத்து ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுதாக அமலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குப் பிறகு பழைய கணக்கும் திறக்காது, புதுக் கணக்கும் தொடங்க முடியாது. கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். விளம்பர அஞ்சல்களையும் நிறுத்த வேண்டும். நடுவில் மனம் மாறி எவ்வளவு கெஞ்சினாலும் காலத்தைக் குறைக்க மாட்டார்கள்.

கூலிங் ஆஃப் அல்லது டைம் அவுட் என்பது வேறு. தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம், 'ஆறப்போடுதல்' கையிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு வாரம். அந்த ஒரு நிறுவனத்தின் கணக்கு மட்டும்தான் நிற்கும். அடுத்த செயலியில் ஆட ஒரு தடையும் இல்லை.

ஜனவரி 10-ஆம் தேதி இரண்டு பேர் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒரு மாதம் ஆறப்போட்டவரின் கணக்கு, பிப்ரவரி 10 வாக்கில் அவர் எதுவும் செய்யாமலேயே திறந்துகொள்ளும். கேம்ஸ்டாப்பில் ஆறு மாதம் போட்டவருக்கு ஜூலை 10 வந்தாலும் எதுவும் திறக்காது. அவரே தொடர்புகொண்டு நீக்கச் சொல்ல வேண்டும்; சொன்ன பிறகும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பேசாமல் விட்டால் தடை இன்னும் ஏழாண்டு வரை தொடரும். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான், கால நீளம் அல்ல. சம்பள நாளில் மட்டும் தடுமாறுகிறவருக்கு ஆறப்போடுவதே போதும். இழந்ததைப் பிடிக்கக் கடன் வாங்கி ஆடுகிறவருக்கு அது போதாது. அப்புறம், அந்தக் கடைசி 24 மணி நேரத்தையும் கூலிங் ஆஃப் என்றே அழைப்பதால்தான் பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள்.

தடை எங்கே ஓட்டை விடும்? கேம்ஸ்டாப் ஆளை அடையாளம் காண்பது கொடுத்த விவரங்களை வைத்துத்தான். லண்டன் தமிழர்களுக்கு இது சின்ன விஷயமல்ல: ஒரு கணக்கில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் இரண்டும் இடம் மாறியிருக்கும், எழுத்துக்கூட்டலும் வேறாக இருக்கும். பழைய மின்னஞ்சல், பழைய முகவரி எல்லாவற்றையும் சேர்த்துப் பதிந்து, வீடு மாறும்போது புதுப்பிக்க வேண்டும். தெருவிலுள்ள பந்தயக் கடைகளுக்கு கேம்ஸ்டாப் பொருந்தாது. அதற்கு மோசஸ், காசினோவுக்கு சென்ஸ் என்று தனிப் பதிவுகள் உண்டு. கடையில் தடுப்பது கணினி அல்ல. புகைப்படத்தைப் பார்த்து முகத்தை அடையாளம் காண வேண்டிய ஊழியர்.

பிரிட்டன் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் இந்தப் பதிவைப் பார்ப்பதே இல்லை. 'கேம்ஸ்டாப்பில் இல்லாதவை' என்றே சில தளங்களுக்கு விளம்பரம் நடக்கிறது. யாரைக் குறிவைத்து என்று சொல்லத் தேவையில்லை. அங்கே கைகொடுப்பது வங்கிச் செயலியில் உள்ள சூதாட்டத் தடை. அட்டையில் பணம் கட்டும்போது வணிகத்தின் வகை எண்ணைப் பார்த்து வங்கி மறுத்துவிடும். அதை எடுத்துவிட நினைத்தாலும் சில வங்கிகளில் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேறு வணிகமென்று பதிந்துகொண்டு பணம் வாங்கும் தளத்திடம் மட்டும் இதுவும் பலிக்காது.