மாடி எடுக்கும் முன் பழைய சுவர் சொல்லும் கணக்கு

"அந்தக் காலத்துக் கட்டு சார், இன்னும் ரெண்டு மாடி தாங்கும்." பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க நினைக்கும் யாருமே இந்தச் சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சொல்பவர் பெரும்பாலும் அனுபவமுள்ள மேஸ்திரியாகத்தான் இருப்பார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் 40 ஆண்டுகளாக விரிசல் இல்லாமல் நிற்கும் வீடு, இதுவரை சுமந்த எடையைச் சுமக்க வல்லது என்பதை மட்டுமே காட்டுகிறது. இன்னும் எவ்வளவு சுமக்கும் என்பதைப் பார்வையால் அறிய முடியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் கட்டமைப்புப் பொறியாளரின் வேலை.

சென்னைப் புறநகரிலோ மதுரையிலோ 1980 வாக்கில் கட்டிய ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். இத்தகைய வீடுகள் பலவற்றில் தூண்கள் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்களே கூரையைத் தாங்குகின்றன. அதனால் பொறியாளர் முதலில் எந்தெந்தச் சுவரின் மேல் தளம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அவற்றுள் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் சுவரின் மீது அவர் கண் தனியாகப் பதியும். வெளிச்சுவருக்கு ஒரு பக்கத்து அறையின் கூரை மட்டும்தான் சுமை. நடுச்சுவருக்கோ இரண்டு பக்கமும் சுமை.

அந்த நடுச்சுவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு பக்கமும் 12 அடி அகல அறைகள். ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக் கூரை இந்தச் சுவரில் இறங்குவதால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் சுமார் 3.6 சதுர மீட்டர் கூரையைச் சுமக்கிறது. 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. அதன் மேல் போட்ட சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் ஏறக்குறைய 200 கிலோ. மொட்டை மாடியில் நடமாடும் ஆட்களுக்காக 150 கிலோ. மூன்றும் சேர்ந்து 660 கிலோ. மீட்டர் ஒன்றுக்கு வந்து இறங்குவது சுமார் 2,400 கிலோ. சுவரின் சொந்த எடை 1,400 கிலோ. ஆக, தரை மட்டத்தில் 3,800 கிலோ. 23 செ.மீ. தடிமனில் அதைப் பரப்பினால் சதுர செ.மீ.க்கு 1.65 கிலோதான் அழுத்தம்.

இப்போது முதல் தளம் வருகிறது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். பழைய தளம் இனி குடியிருக்கும் அறையின் தரை. ஆகவே தரை ஓடுகளும் ஆட்களும் பீரோ கட்டிலும் சேர்த்து அதற்கு 610 கிலோ. மேலே புதிய கூரை மீண்டும் 660 கிலோ. இரண்டு சுவர்களின் எடையோடு சேர்த்தால் மீட்டருக்கு 7,400 கிலோ. அழுத்தம் 3.2 ஆகிவிடுகிறது, ஏறக்குறைய இரு மடங்கு.

தாங்குமா? அது செங்கல்லைப் பொறுத்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து சில செங்கற்களை எடுத்துச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். நாட்டுச் செங்கல் சதுர செ.மீ.க்கு 35 கிலோவில் உடைவதாக வைத்துக்கொண்டால், கட்டிய சுவருக்கு ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. சுவரின் உயரத்துக்காக இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மிஞ்சுவது 3.2. நமக்கு வந்த எண்ணும் அதுவே. விளிம்பில் நிற்கிறோம்.

கதவை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 14 அடிச் சுவரில் 3 அடி கதவு இருந்தால், மீதமுள்ள 11 அடி முழுச் சுமையையும் ஏற்கிறது. அழுத்தம் 4-ஐத் தொட்டுவிடுகிறது. அந்தச் சுவர் நாளையே இடியாது. பாதுகாப்புக்காக விட்டிருந்த இடைவெளி மட்டும் கரைந்துபோகும். இரண்டு அறைகளை ஒன்றாக்க வேண்டும் என்று பின்னாளில் யாராவது ஒரு திறப்பை அகலப்படுத்தினால் அந்த இடைவெளியில்தான் கை வைக்கிறார்கள்.

சாந்தையும் பார்க்க வேண்டும். பூச்சை ஒரு கையளவு பெயர்த்துவிட்டு, செங்கற்களுக்கு நடுவே ஓர் ஆணியால் கீறினால் தெரிந்துவிடும். ஆணி வழுக்கினால் நல்ல சிமெண்ட் சாந்து. பொடியாக உதிர்ந்து ஆணி உள்ளே இறங்கினால் மேலே போட்ட 3.2 கூடக் கிடையாது. வெளியே சிமெண்ட் பூசி உள்ளே மண் சாந்து வைத்துக் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து யாராலும் அடையாளம் காண முடியாது.

சுவர் தப்பினாலும் மண் தப்ப வேண்டும். இதற்குச் சுவரை ஒட்டி ஒரு குழி எடுக்கச் சொல்வார்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டம் தெரியும்வரை தோண்டி, அதன் அகலத்தை அளந்து, அங்கிருக்கும் மண்ணைப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும். அடிமட்டத்துக்குக் கீழே கடப்பாரை போகக் கூடாது. நம் வீட்டில் அஸ்திவாரம் இரண்டரை அடி அகலம் என்றால், அஸ்திவாரத்தின் எடையையும் சேர்த்து இன்று மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 6 டன் சொச்சம் இருக்கிறது. மாடி வந்தால் 11 டன். கெட்டியான செம்மண்ணும் சரளையும் இதைத் தாங்கிக்கொள்ளும். 10 டன்னையே பாதுகாப்பான எல்லையாகக் கொண்ட களிமண்ணில் தாண்டிவிட்டோம். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய இளகிய களிமண்ணிலும் தென்மாவட்டக் கரிசலிலும் இந்தக் குழியைத் தோண்டாமல் சொல்லும் கருத்துக்கு என்னளவில் மதிப்பே இல்லை.

மண் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தால் சுவரே காட்டிக்கொடுக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் கவனியுங்கள். அதன் மேல் சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் விட்டுவைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் வெயிலில் கூரை விரிவதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பழைய தளத்தின் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். கான்கிரீட்டில் சிறு துளை போட்டு, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரம் போன இடம் நிறம் மாறாமல் நிற்கும். நிறமில்லாத பகுதி கம்பிவரை எட்டியிருந்தால், துருவைத் தடுக்கும் காப்பு போய்விட்டது என்று பொருள். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால்தான் கூரையின் அடிப்பூச்சு உப்பி விழுகிறது. அப்படி விழுந்த இடத்தில் வெறும் சாந்தைப் பூசி மறைத்துவிட்டு மேலே குடியேறுவது மிகப் பெரிய தவறு.

ஆகவே பொறியாளரிடம் "மாடி கட்டலாமா?" என்று கேட்காதீர்கள். ஒரு நடை வந்து பார்த்துவிட்டு "கட்டலாம்" என்று சான்றிதழ் எழுதித் தருபவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்தான். "எந்தச் சுவரில் எவ்வளவு எடை கூட்டலாம், எந்தச் சோதனையை வைத்து அதைச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கணக்குத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

அப்படிக் கேட்டால் "முடியாது" என்பதற்கும் "முடியும்" என்பதற்கும் நடுவே வழி பிறக்கிறது. மேலே பார்த்த வீட்டிலேயே, முதல் தளச் சுவரை எடை குறைந்த ஏஏசி கல்லாலும், கூரையைக் கான்கிரீட்டுக்குப் பதிலாக இரும்புச் சட்டத்தின் மேல் தகடாகவும் மாற்றிப் பாருங்கள். நடுச்சுவரின் அழுத்தம் கதவையும் சேர்த்து 2.5-க்கு இறங்குகிறது. மண்ணின் மேல் 7 டன் சொச்சம்தான். சுவர், மண் இரண்டும் எல்லைக்குள் வந்துவிட்டன. ஆனால் இலேசான கூரையைப் புயல் மேல்நோக்கித் தூக்கும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னை கண்ட காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எனவே அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு காலையும், சுவரின் தலையில் ஓடும் கான்கிரீட் பெல்ட்டில் புதைத்த போல்ட்டுகளோடு முடுக்க வேண்டும். அந்தப் போல்ட்டுகளின் அளவும் பொறியாளரின் தாளில் இருக்க வேண்டும்.